சனிக்கிழமை தொலேதோ போகிறேன்: 'இரே'யா, 'வோய்'யா, 'வோய் அ இர்'ரா?

மஞ்சள்குடை

மத்ரித் வந்து எட்டு மாதம் ஆகிறது. வகுப்பில் எதிர்காலம் நடத்தி முடித்த கையோடு, போன வாரம் அலுவலகத் தோழி ஒருத்திக்கு வாட்ஸப்பில் இப்படி எழுதினேன். எல்லோருக்கும் படிக்க வசதியாக ஸ்பானியத்தைத் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன்:

"எல் சாபதோ இரே அ தொலேதோ. தொமரே எல் த்ரென் தே லாஸ் நுவேவே. கொமெரே கொன் ஊனா அமீகா. விசிதரே லா கதெத்ரால். தே யமரே போர் லா நோச்சே."

சனிக்கிழமை தொலேதோ போவேன், ஒன்பது மணி ரயில் எடுப்பேன், ஒரு தோழியோடு சாப்பிடுவேன், பேராலயம் பார்ப்பேன், ராத்திரி உன்னைக் கூப்பிடுவேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது. அவள் பதில்: "எந்தோன்செஸ், வாஸ் ஓ நோ வாஸ்?" அதாவது, அப்போ போறியா இல்லையா?

டிக்கெட்டே எடுத்தாயிற்று! வகுப்பில் காட்டினால் ஆசிரியை ஒரு பிழையும் இல்லை என்கிறார். பிழையே இல்லாத ஐந்து வாக்கியத்தைப் படித்துவிட்டு ஏன் அந்தக் கேள்வி வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

கடலைமிட்டாய்

இது ரொம்ப சுலபம். கிட்டத்தில் நடக்கப்போவதற்கு 'வோய் அ', தூரத்தில் நடக்கப்போவதற்கு 'இரே', 'தொமரே' என்று முடிகிற அந்த 'ரே'. சனிக்கிழமை கிட்டத்தில் இருக்கிறது, அதனால் எல்லாவற்றையும் 'வோய் அ இர்', 'வோய் அ தொமார்', 'வோய் அ கொமெர்' என்று மாற்றுங்கள், வேலை முடிந்தது. எங்கள் பாடப்புத்தகத்தில் கட்டம் போட்டே கொடுத்திருந்தார்கள்.

சுண்ணாம்புச்சுவர்

கடலைமிட்டாய், அந்தக் கட்டத்தை நானும் பல வருடம் கரும்பலகையில் போட்டவன்தான். பாதி வரைக்கும் கை கொடுக்கும், அப்புறம் காலை வாரிவிடும். "எல் அன்யோ கே வியேனே மெ காசோ" என்று ஒருத்தி சொல்கிறாள். அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். ஒரு வருடம் தள்ளி இருக்கிறது, வினையோ வெறும் நிகழ்காலம். "தென்த்ரோ தே தியெஸ் அன்யோஸ் வோய் அ தெனெர் மி ப்ரோப்பியா காசா", பத்து வருடத்தில் எனக்குச் சொந்த வீடு இருக்கப்போகிறது. பத்து வருடத்துக்கும் 'வோய் அ' தடையில்லாமல் வருகிறது. ஆக தூரத்தை அளந்து பார்த்துப் பயனில்லை. பேசுகிறவர் கையில் அந்தக் காரியம் எவ்வளவு பிடிபட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மஞ்சள்குடை, உங்கள் செய்தியையே எடுத்துக்கொள்வோம். அதை முதலில் தோழிக்குச் சொல்கிற மாதிரி தமிழில் சொல்லிப் பாருங்கள். "சனிக்கிழமை தொலேதோ போவேன், ஒன்பது மணி ரயில் எடுப்பேன்" என்றா சொல்வீர்கள்? "சனிக்கிழமை தொலேதோ போறேன், ஒன்பது மணி ரயில்ல போறேன்" என்றுதானே? டிக்கெட் எடுத்த காரியத்துக்கு நம் வாயில் நிகழ்காலம் தானாக வருகிறது. ஸ்பெயினிலும் அப்படியே. நீங்கள் நடுவில் ஆங்கிலத்தைக் கூட்டி வந்து, அங்கே 'வில்' இருந்தால் இங்கே 'ரே' என்று மாற்றியிருக்கிறீர்கள். மத்ரித்காரர் காதில் அது ஜோசியர் சொல்கிற பலன் மாதிரியோ, புத்தாண்டுச் சபதம் மாதிரியோ விழுந்திருக்கும். முடிவான பயணம் என்கிற தொனி அதில் இல்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி.

நானாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

"எல் சாபதோ வோய் அ தொலேதோ. கோஹோ எல் த்ரென் தே லாஸ் நுவேவே இ கோமோ கொன் ஊனா அமீகா. போர் லா தார்தே வாமோஸ் அ வேர் லா கதெத்ரால். சுபோங்கோ கே வொல்வெரேமோஸ் தார்தே. தே யாமோ போர் லா நோச்சே."

இதில் பயணம், ரயில், சாப்பாடு மூன்றும் ஏற்பாடு ஆனவை, அதனால் நிகழ்காலம். பேராலயத்துக்கு நேரம் குறிக்கவில்லை, போவதாக எண்ணம் மட்டும், அதனால் 'வாமோஸ் அ வேர்', பார்க்கப் போகிறோம். அதையே 'வேமோஸ்' என்று எழுதினாலும் யாரும் திருத்த மாட்டார்கள், ஆனால் எல்லாமே நேரம் குறித்த நிகழ்ச்சி நிரல் மாதிரி ஆகிவிடும். 'திரும்ப லேட்டாகும்னு நினைக்கிறேன்' என்பது உங்கள் கையில் இல்லாத விஷயம், வெறும் ஊகம், 'சுபோங்கோ கே' வேறு முன்னால் நிற்கிறது. செய்தி முழுவதிலும் 'ரே' குடும்பத்துக்குச் சொந்த இடம் அது ஒன்றுதான். கடைசியில் 'தே யாமோ', கூப்பிடறேன். அது வாக்கு. மாற்றம் இல்லை.

ரயில்பூச்சி

எனக்கும் இதே பிரச்சினை! வலென்சியாவில் குடியிருக்கிறேன். வீட்டு மணி அடித்தது, தபால்காரர். உள்ளே இருந்து "இதோ வரேன், வரேன்" என்று சொல்ல நினைத்து "வெங்கோ, வெங்கோ" என்று கத்தினேன். கதவைத் திறந்தால் அவர் ஒரு மாதிரி பார்க்கிறார். அப்புறம் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்கள், "யா வோய்" என்றுதான் சொல்ல வேண்டுமாம். இதுவும் எதிர்காலம் சம்பந்தப்பட்டதுதானே?

சுண்ணாம்புச்சுவர்

ரயில்பூச்சி, நீங்கள் கேட்பது வேறு விஷயம், காலத்தோடு அதற்குத் தொடர்பு இல்லை. ஆனால் பயணத் திட்டம் எழுதும்போது நம் ஆட்கள் எல்லோரும் அதில் இடறுகிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நாம் கேட்கிறவர் இருக்கும் இடத்தை நோக்கிப் போனால் 'வரேன்' என்போம். ஸ்பானியம் பேசுகிறவர் தான் நிற்கிற இடத்தை விடமாட்டார். இங்கிருந்து கிளம்பினால் அது 'போ' தான், நீங்கள் அங்கே காத்திருந்தாலும் சரி. அதனால் "நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன்" என்பது "மஞ்ஞானா வோய் அ து காசா". நம்முடைய 'போயிட்டு வரேன்' இருக்கிறதே, அந்த இடத்தில் மட்டும் 'வா' அவர்களுக்கும் வரும்: "அஓரா வெங்கோ", இதோ வந்துடறேன், இங்கேயே திரும்பி வருவேன் என்று. உங்கள் தபால்காரர் காதில், கதவைத் திறக்காமல் எங்கேயோ கிளம்புகிற ஆள் குரல் கேட்டிருக்கலாம்.

மஞ்சள்குடை

சுண்ணாம்புச்சுவர் ஐயா, அந்த 'வாமோஸ் அ வேர்' என்பதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. 'இர்' என்றால் போ. 'வோய் அ எஸ்துதியார்' என்றால் அப்படியே 'படிக்கப் போகிறேன்'. நம்மிடம் உருவமே இருக்கிறதே! எட்டு மாதமாக இதை நான் ஆங்கிலத்து 'கோயிங் டு' மூலமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சுண்ணாம்புச்சுவர்

ஆமாம், அதுவும் 'வோய்' என்று எழுதினாலும் அங்கே 'வ'வுக்கு 'பஸ்'ஸில் வருகிற 'ப' ஒலிதான். காதில் கிட்டத்தட்ட நம் 'போய்' மாதிரியே விழும். தற்செயல்தான், ஆனால் மறக்காது.

ஒரு இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. நம் 'படிக்க' என்பதில் 'க்க' உள்ளேயே ஒட்டியிருக்கிறது, தனியாக ஒரு சொல் வேண்டியதில்லை. அதனால் தமிழ் மாணவர்கள் நடுவில் வரும் 'அ'வை விழுங்கிவிடுவார்கள், 'வோய் எஸ்துதியார்' என்று. காதால் மட்டும் கற்றவர்களுக்கு இது இன்னும் கடினம். 'வா அ அசேர்' என்று எழுதுகிற மூன்று 'அ'வும் பேச்சில் ஒன்றோடு ஒன்று உருகி 'வாசேர்' மாதிரி ஓடிவிடும். அங்கேயே பிறந்தவர்கள்கூட அவசரத்தில் அந்த 'அ'வை விட்டு எழுதுவதைச் செய்திகளில் பார்க்கலாம். நீங்கள் எழுதும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் அது இருக்கிறதா என்று கண்ணால் தேடுங்கள்.

நிலா_மெரிதா

நான் மெக்சிகோவில் யுகத்தான் பக்கம். முதலில் ஒன்று, அந்த 'கோஹோ'வை இந்தப் பக்கம் வந்து யாரும் சொல்லிவிடாதீர்கள், ஸ்பெயினில் 'எடு, பிடி' என்று சாதாரணமாகப் புழங்குகிற சொல், இங்கே கெட்ட வார்த்தை. 'தோமோ எல் த்ரென்' என்றே பழகிக்கொள்ளுங்கள், அது எல்லா ஊரிலும் செல்லும்.

அப்புறம் இங்கே பேச்சில் 'ரே'வைத் திட்டத்துக்குச் சொல்கிற ஆளை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. எல்லாம் 'வோய் அ'. 'வோய் அ இர்', 'வான் அ வெனீர்', 'தே வோய் அ யமார்'. 'ரே' எங்கே கேட்கும் தெரியுமா? கதவு தட்டினால் "கியென் செரா?" யாரா இருக்கும்! சாவி காணாமல் போனால் "தோந்தே எஸ்தாரான் மிஸ் யாவேஸ்?" சாவி எங்கே இருக்கும்! மணி தெரியாவிட்டால் "செரான் லாஸ் த்ரேஸ்", மூணு மணி இருக்கும். எனக்கு இது முதல் நாளே புரிந்தது, காரணம் நம் 'இருக்கும்' அச்சு அசல் அதேதான். என் வகுப்பில் இருந்த அமெரிக்கர்கள் இதை விளங்கிக்கொள்ளத் திணறினார்கள், நடப்பதைப் பற்றிப் பேச எதற்கு எதிர்காலம் என்று.

சுண்ணாம்புச்சுவர்

அருமை. இன்னும் ஒரு படி போகலாம். "யா அப்ரா யெகாதோ" என்றால் 'இந்நேரம் வந்திருப்பான்'. நம் '-இருப்பான்' அப்படியே. ஸ்பெயினிலும் இந்த ஊகப் பயன்பாடு அன்றாடம் உண்டு, இது மெக்சிகோவுக்கு மட்டும் உரியதில்லை. ஆனால் ஸ்பெயினில் நாளை, அடுத்த மாதம் பற்றிய பேச்சிலும் 'ரே' உயிரோடு இருக்கிறது. "யா வெரேமோஸ்" என்று நாளுக்கு எத்தனை முறை கேட்கிறோம்! நம் 'பார்ப்போம்' தான் அது, எழுத்துக்கு எழுத்து.

கடலைமிட்டாய்

சரி, தூர-கிட்ட விதி தப்பு என்றால் இது எப்படி? மேகம் கறுத்திருக்கிறது, "வா அ யொவேர்" என்கிறோம். வானிலைச் செய்தியில் நாளைக்கு மழை பெய்யும் என்பதை "யொவெரா" என்று எழுதுகிறார்கள், 'ரே'தான் அவன், அவள், அது என்று வரும்போது 'ரா' ஆகிறது. கிட்டத்துக்கு 'வா அ', தூரத்துக்கு 'ரா'. என் விதி சரியாகத்தானே வருகிறது?

சுண்ணாம்புச்சுவர்

அதனால்தான் பாதி சரி என்றேன். மேகம் கண் முன்னால் இருக்கிறது, மழையின் காரணம் இப்போதே தொடங்கிவிட்டது. 'வா அ' இப்போது தெரிகிற ஒன்றிலிருந்து கிளம்புகிறது, நாமும் வானத்தைப் பார்த்து 'பெய்யப் போகுது' என்கிறோம். அப்படிப்பட்டவை பெரும்பாலும் கிட்டத்தில் நடப்பதால் கட்டம் பலிக்கிறது. செய்தித்தாளில் 'ரா' வருவதற்குக் காரணம் அது எழுத்து நடை என்பது. பிரதமர் இன்றைக்குச் சாயங்காலம் பயணம் போனாலும் 'வியஹரா' என்றுதான் அச்சிடுவார்கள், நாலு மணி நேரம்தான் இருக்கிறது என்றாலும்.

இன்னொன்று பாருங்கள். குழந்தை நாற்காலி மேல் ஏறுகிறது. ஸ்பானிய அம்மா "தே வாஸ் அ கயேர்!" என்று கத்துவாள். நாம் 'விழுந்துடுவே!' என்போம், எதிர்காலத்தில். அதை அப்படியே "தே கயெராஸ்!" என்று கொண்டுபோனால் சாபம் மாதிரி ஒலிக்கும். தமிழ் வழியாகப் போனாலும் பள்ளம் இல்லாமல் இல்லை.

மஞ்சள்குடை

பள்ளம் என்றதும் கேட்கிறேன், எனக்கு இன்னொரு திருத்தம் வந்திருந்தது. ஊரைப் பற்றி எழுதும்போது 'அம்மா தினமும் ஆறு மணிக்கு எழுந்துடுவாங்க' என்பதற்கு 'மி மாத்ரே செ லெவந்தரா அ லாஸ் செய்ஸ்' என்று எழுதினேன், ஆசிரியை சிவப்பில் வட்டம் போட்டார்.

சுண்ணாம்புச்சுவர்

அது நம்முடைய பெரிய பள்ளம். 'வருவான், போவான், எழுந்துடுவாங்க' எல்லாம் நமக்கு வழக்கத்தையும் சொல்லும். ஸ்பானிய 'ரா' வழக்கத்தைச் சொல்லவே சொல்லாது. 'செ லெவந்தா', நிகழ்காலம்தான். உங்கள் வாக்கியத்தை வாசித்தவருக்கு, இனிமேல் ஆறு மணிக்கு எழுவார் என்றோ, ஆறு மணிக்கு எழுவார் போலிருக்கிறது என்றோ அர்த்தமாகியிருக்கும். இருபது வருடமாக எழுகிறார் என்பது வராது. வழக்கமா, ஊகமா என்று தமிழில் முதலில் பிரித்துவிட்டு எழுதுங்கள். ஊகம் என்றால் 'ரா' கொண்டுபோகலாம், வழக்கம் என்றால் கூடாது.

ஏடுபார்ப்பவர்

இலக்கணம் ஒருபுறம் இருக்கட்டும், இந்த 'ரே' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். லத்தீனில் 'கந்தாரே ஹபேயோ', பாட வேண்டியதிருக்கிறது என்பது போன்ற ஒரு சேர்க்கை. பாடு என்ற வினை முன்னால், 'உடையேன்' என்ற வினை பின்னால். அது தேய்ந்து 'கந்தார் ஏ', பிறகு ஒட்டி 'கந்தரே'. 1492இல் வெளிவந்த நெப்ரிஹாவின் ஸ்பானிய இலக்கணத்திலேயே, 'அமரே' என்பது 'அமார்' உடன் இந்த 'ஏ' சேர்ந்தது என்று எழுதியிருக்கிறார். பழைய ஸ்பானியத்தில் இரண்டுக்கும் நடுவில் 'அதை' என்ற சொல் புகுந்துகொண்டு 'கந்தார் லோ ஏ' என்றுகூட வரும். எல்லா வினைக்கும் ஒரே விகுதி வரிசை இருப்பதும் இதனால்தான், அது முழுக்க அந்த ஒரே துணைவினையின் உடல்.

பிறப்பிலேயே 'செய்யக் கடவேன்' என்கிற கனம் அதில் இருந்தது. பத்துக் கட்டளையில் "நோ மதராஸ்", கொலை செய்யாதிருப்பாயாக, என்று இன்றைக்கும் நிற்பது அந்தக் கனத்தோடுதான்.

கடலைமிட்டாய்

இந்தக் கனம் விஷயம் எனக்கு நேரிலேயே நடந்தது. நாலு பேர் சாப்பிட்டு முடித்தோம், பில் வந்தது, 'நான் குடுக்கறேன்' என்று சொல்ல நினைத்து "யோ பகரே" என்றேன். உடன் வேலை பார்ப்பவர் "பணமா தரப் போறே, இல்லை பகரேயா?" என்று கேட்டார். ஸ்பானியத்தில் 'பகரே' என்று ஒரு பெயர்ச்சொல்லே இருக்கிறது, நம் புரோநோட்டு! பின்னால் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கிற பத்திரம். அன்றைக்கு ஏன் கேட்டார் என்று இப்போதுதான் முழுசாகப் புரிகிறது.

சுண்ணாம்புச்சுவர்

அதுதான், அந்த இடத்தில் "பாகோ யோ". பில்லைக் கையில் எடுத்துக்கொண்டே சொல்கிற சொல் நிகழ்காலம். பையைத் தூக்க முன்வந்தால் "லோ யெவோ யோ", நான் தூக்கறேன். நாளை என்ற சொல்லே வேண்டியதில்லை.

நிலா_மெரிதா

ஒன்றில் மட்டும் உடன்படவில்லை. 'தே யமரே' என்றால் வாக்கு பலவீனம் என்று மேலே ஒரு தொனி ஓடுகிறது. இங்கே யாராவது 'தே யமரே' என்று சொன்னால் எனக்கு அது கனமான வாக்காகத்தான் கேட்கிறது, கொஞ்சம் எழுத்து நடையாக, நின்று நிதானித்துச் சொன்ன மாதிரி. பலவீனமான வாக்கு இங்கே 'அஓரித்தா தே யாமோ' தான். நிகழ்காலம், 'இப்போதே' என்ற சொல் வேறு, ஆனால் அந்த 'அஓரித்தா' அஞ்சு நிமிஷமாகவும் இருக்கலாம், சாயங்காலமாகவும் இருக்கலாம், வராமலே போகலாம்.

சுண்ணாம்புச்சுவர்

ஸ்பெயினில் அதன் முன்னால் ஒரு 'யா' ஒட்டும்போதுதான் பலம் போகிறது. "யா தே யமரே" என்றால் எப்போதாவது கூப்பிடுகிறேன். வேலைக்கு நேர்காணல் முடிந்து "யா லெ யமரேமோஸ்" என்று சொன்னால், வேலை இல்லை என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவு பேர் போன வாக்கியம். 'யா' இல்லாத 'தே யமரே' எனக்கும் சபதம் மாதிரிதான் படுகிறது. ஆனால் மஞ்சள்குடையின் தோழி போல இளைய ஆட்களுக்கு அது எப்படிக் கேட்கிறது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

ஏடுபார்ப்பவர்

செய்தியில் 'யா' இல்லையே, அப்படியும் அவள் 'வாஸ் ஓ நோ வாஸ்' என்று கேட்டாளே? அது 'யமரே'யால் வந்த சந்தேகமில்லை, முதல் வரியில் இருந்த 'இரே'யால் வந்தது என்று நினைக்கிறேன். போவது உறுதி என்றால் வினையில் அது தெரிந்திருக்க வேண்டும்.

நிலா_மெரிதா

இருக்கலாம். எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, இங்கே நாலு பேரிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.

மஞ்சள்குடை

தொலேதோ போய் வந்தாயிற்று. மத்ரித்தின் அத்தோச்சா ரயில் நிலையத்திலிருந்து அரை மணி நேரம்தான், மழை இல்லை. தோழியிடமும் கேட்டேன். 'இரே' என்றதும் இன்னும் யோசனையில் இருக்கிறாய் என்று நினைத்தேன், 'வோய்' என்றிருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன் என்றாள். 'யமரே' அவளுக்கு உறுத்தவே இல்லையாம். ஏடுபார்ப்பவர் சொன்னது சரி.

இன்னொரு விஷயம். குளியலறைக் குழாய் பத்து நாளாக ஒழுகுகிறது. சரிசெய்கிறவருக்கு எழுதினால் ஒவ்வொரு முறையும் "யா பசரே" என்று பதில் வரும், நானும் வருவேன் என்கிறாரே என்று காத்திருந்தேன். இந்த 'யா' பற்றிப் படித்ததும் நேற்று வேறு மாதிரி கேட்டேன்: "கே தியா பாசஸ்?" எந்த நாள் வரீங்க? பத்து நிமிஷத்தில் பதில்: "எல் ஹுவேவெஸ் அ லாஸ் தியெஸ் மெ பாசோ."

வியாழக்கிழமை பத்து மணிக்கு வரேன் என்கிறார். அன்றைக்கு வீட்டில் இருக்க லீவு சொல்லிவிட்டேன்.